கழுத்தில் இரண்டு சந்தேகப் புள்ளிகள்: பாராதைராய்டு கட்டியின் இடத்தைக் கண்டறிந்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் இடம்பெறுபவர் அறுபது வயதைக் கடந்த ஒரு தமிழ்ப் பெண்மணி. மகள் குடும்பத்துடன் வீவக அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறார். பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும் சமையலும் அவருடைய பொறுப்பு. உயர் ரத்த அழுத்தத்துக்காகப் பல ஆண்டுகளாக பலதுறை மருந்தகத்தில் மருந்து பெற்று வந்தார். அவருடைய சம்மதத்துடன் இது எழுதப்படுகிறது. அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. நான் இதில் பங்குகொண்டது கதிரியக்க மருத்துவர் என்ற முறையில். ஆகவே ரத்தப் பரிசோதனையும் அறுவையும் இங்கே சுருக்கமாகவும், படமெடுத்த பகுதி விரிவாகவும் இருக்கும்.

அவர் முதலில் சொன்ன தொல்லைகள் எவருக்கும் வரக்கூடியவை: அசதி, மலச்சிக்கல், இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது. வயதாகிவிட்டதால் இப்படி என்று அவரும் வீட்டாரும் எண்ணியிருந்தார்கள். மலச்சிக்கலுக்குக் காரணம் தேடிய பலதுறை மருந்தக மருத்துவர் வழக்கமான பரிசோதனைகளோடு கால்சியத்தையும் சேர்த்து எழுதியதால்தான் விவரம் வெளிப்பட்டது. மொத்தக் கால்சியம் லிட்டருக்கு 2.68 மில்லிமோல் இருந்தது. இது மேல் எல்லையான 2.55ஐச் சற்றே தாண்டிய அளவு. ஆனால் ரத்தக் கால்சியத்தின் ஒரு பகுதி அல்புமின் என்னும் புரதத்தில் ஒட்டியிருப்பதால், அல்புமின் குறைந்திருக்கும்போது மொத்த அளவும் குறைவாகத் தெரியும். இவருக்கு அல்புமின் லிட்டருக்கு 35 கிராம் மட்டுமே இருந்தது. 40க்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.02 சேர்த்துக் கணக்கிட்டால், திருத்திய கால்சியம் 2.78 ஆனது. புறக்கணிக்கக்கூடிய எண்ணாக அது இல்லை.

நோயை உறுதிசெய்தல்

கால்சியம் உயர்வதற்கு எளிய காரணங்கள் இரண்டு அவரிடமே இருந்தன. அவர் உட்கொண்ட ரத்த அழுத்த மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருந்தது. இது சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதைக் குறைக்கும் மருந்து. அதோடு, எலும்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கடையில் கால்சியம் மாத்திரையும் வாங்கிச் சாப்பிட்டு வந்தார். இரண்டையும் நிறுத்தி, ரத்த அழுத்தத்துக்கு வேறு மருந்து கொடுத்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் ரத்தம் எடுக்கப்பட்டது. திருத்திய கால்சியம் 2.74 என்ற அளவிலேயே நின்றது. அப்போதுதான் அவர் பொது மருத்துவமனை ஒன்றின் நாளமில்லாச் சுரப்பிப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார்.

கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோன்தான் ரத்தத்தில் கால்சியத்தை உயர்த்துவது. அங்கே பார்த்தபோது அது லிட்டருக்கு 13.8 பிக்கோமோல் இருந்தது, அந்த ஆய்வகத்தின் மேல் எல்லை ஏறத்தாழ 7. ஆரோக்கியமான உடலில் கால்சியம் உயர்ந்தால் இந்த ஹார்மோன் அடங்கிவிட வேண்டும். கால்சியமும் ஹார்மோனும் ஒருசேர உயர்ந்திருந்தால், சுரப்பி கட்டுப்பாட்டை மீறிச் சுரக்கிறது என்று பொருள். வைட்டமின் டி அளவும் குறைவாகவே இருந்தது. அந்தக் குறைபாடும் ஹார்மோனைச் சற்று உயர்த்தும். ஆனால் அது கால்சியத்தை உயர்த்தாது என்பதால் முழு விளக்கமாகாது. மிதமான அளவில் வைட்டமின் டி கொடுத்துக் குறை சரிசெய்யப்பட்டது.

இன்னும் ஒரு வாய்ப்பை விலக்க வேண்டியிருந்தது. பரம்பரையாக வரும் ஒரு நிலையில், சிறுநீரகம் கால்சியத்தைத் தேவைக்கு மேல் பிடித்துவைத்துக்கொள்வதால் ரத்தத்தில் அது உயர்ந்திருக்கும். ஹார்மோனும் இயல்பாகவோ சற்று அதிகமாகவோ காணப்படும். இந்த நிலை உள்ளவர்களுக்கு அறுவை எந்தப் பயனும் தராது. இதைப் பிரித்தறிய 24 மணி நேரச் சிறுநீர் சேகரிக்கப்பட்டது. அதில் கால்சியம் 7.6 மில்லிமோலும் கிரியேட்டினின் 8 மில்லிமோலும் இருந்தன. ரத்தக் கிரியேட்டினின் லிட்டருக்கு 0.07 மில்லிமோல். கால்சியம் வெளியேறும் வேகத்தைக் கிரியேட்டினின் வெளியேறும் வேகத்தோடு ஒப்பிட்டால் விகிதம் 0.024 வந்தது. பரம்பரை நிலையில் இது பெரும்பாலும் 0.01க்குக் கீழே இருக்கும். தயசைடு மாத்திரையை நிறுத்தாமல் இந்தச் சிறுநீரைச் சேகரித்திருந்தால் விகிதம் பொய்யாகக் குறைந்து தவறான திசையில் கொண்டுபோயிருக்கும்.

சிறுநீரக அல்ட்ராசவுண்டில் இடப்புறம் 5 மில்லிமீட்டர் கல் ஒன்று தெரிந்தது. எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் முன்கை எலும்பின் டி-மதிப்பு எதிர்மம் 2.7; எலும்புத் தேய்வு என்று கொள்ளும் அளவு அது. இந்த நோய் இடுப்பையும் முதுகெலும்பையும்விட முன்கையின் கெட்டியான எலும்பை முதலில் அரிப்பதால், முன்கையையும் சேர்த்து அளந்தது பயன்பட்டது. கல்லும் எலும்புத் தேய்வும் தனித்தனியாகவே அறுவையைப் பரிந்துரைக்கப் போதுமான காரணங்கள். அவரும் சம்மதித்தார்.

படம் எதற்காக எடுக்கப்பட்டது

இந்தக் கட்டத்தில், பாராதைராய்டு மிகையாகச் சுரப்பதே நோய் என்பது தீர்மானமாகிவிட்டது. படமெடுப்பது நோயைக் கண்டுபிடிக்க அல்ல; எந்தச் சுரப்பி, எந்த ஆழத்தில் என்று அறுவை மருத்துவருக்குச் சொல்ல. இந்த வேறுபாட்டை வலியுறுத்தக் காரணம் உண்டு. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே நோய் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரத்தம் சொல்லும் தீர்ப்பைப் படத்தால் ரத்து செய்ய முடியாது.

பாராதைராய்டு சுரப்பிகள் பெரும்பாலோருக்கு நான்கு. தைராய்டின் பின்புறம் மேலே இரண்டு, கீழே இரண்டு. இயல்பான சுரப்பி ஒரு பருப்பளவே இருக்கும். எடை 30 முதல் 50 மில்லிகிராம். அந்த அளவில் அது பெரும்பாலும் எந்தப் படத்திலும் தெரிவதில்லை. இந்த நோயுள்ளவர்களில் ஏறத்தாழ ஐவரில் நால்வருக்கு நான்கில் ஒன்று மட்டும் தீங்கற்ற கட்டியாகப் பெருத்திருக்கும். அந்த ஒன்றின் இடம் முன்கூட்டியே தெரிந்தால், கழுத்தின் ஒரு பக்கத்தில் சிறிய கீறலோடு அறுவையை முடிக்கலாம். தெரியாவிட்டால் இரு பக்கமும் திறந்து நான்கையும் பார்க்க வேண்டும். அதுவும் செய்யக்கூடியதே; ஆனால் நேரம் கூடும், குரல் நரம்புகள் இரண்டுக்கும் அருகில் வேலை செய்ய வேண்டிவரும்.

இடம் என்பது இங்கே எளிய விஷயமல்ல. கருவில் கீழ்ச் சுரப்பிகள் தைமஸ் சுரப்பியோடு சேர்ந்து வெகுதூரம் இறங்கி வருவதால், தாடைக்கு அருகிலிருந்து மார்புக்கூடு வரை எங்கும் தங்கிவிடக்கூடும். பாஸ்டனில் சிகிச்சை பெற்ற சார்ல்ஸ் மார்டெல் என்ற கப்பல் தலைவரின் கட்டி, கழுத்தில் ஆறு முறை தேடியும் அகப்படாமல், 1932ஆம் ஆண்டு ஏழாவது அறுவையில் மார்புக்குள் கண்டெடுக்கப்பட்டது. மேல் சுரப்பிகள் கருவில் அவ்வளவு தூரம் பயணிப்பதில்லை. ஆனால் பெருத்த பிறகு, தம் எடையாலும் விழுங்கும்போது ஏற்படும் அசைவாலும், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலான பள்ளத்தின் வழியே பின்புறமாகக் கீழே சரியும். அப்படிச் சரிந்த மேல் சுரப்பி, கீழ்ச் சுரப்பி இருக்க வேண்டிய உயரத்திலோ அதற்கும் கீழேயோ காணப்படும். இந்த நிகழ்வின் முடிச்சு அதில்தான் இருந்தது.

முதல் அல்ட்ராசவுண்ட்

வெளிநோயாளிப் பிரிவில் எடுத்த முதல் அல்ட்ராசவுண்டில், தைராய்டின் இரு மடல்களிலும் பல சிறு முடிச்சுகள் தெரிந்தன. இந்த வயதுப் பெண்களில் அது அபூர்வமல்ல. ஆனால் பாராதைராய்டைத் தேடுபவருக்கு அது பெரிய இடையூறு. இடது மடலின் கீழ்ப்பகுதியில், பின்விளிம்பை ஒட்டி, 9 மில்லிமீட்டர் அளவில் சற்றுக் கருமையான உருண்டை ஒன்று இருந்தது. அது தைராய்டின் பின்புறத்தில் துருத்திய முடிச்சாகவும் இருக்கலாம், தைராய்டை ஒட்டிய பாராதைராய்டு கட்டியாகவும் இருக்கலாம் என்று அறிக்கை எழுதப்பட்டது. வலப்புறம் சந்தேகத்துக்கிடமாக எதுவும் குறிப்பிடப்படவில்லை.

பாராதைராய்டு கட்டி அல்ட்ராசவுண்டில் எப்படித் தெரியும் என்பதை இங்கே சொல்வது பொருத்தம். அது தைராய்டைவிடத் தெளிவாகக் கருமையாகவும், உள்ளே ஒரே சீராகவும், நீள்வட்டமாகவும் இருக்கும். தைராய்டுக்கும் அதற்கும் நடுவே மெல்லிய வெண்கோடு ஒன்று ஓடும். அது இரண்டையும் பிரிக்கும் உறை. டாப்ளர் முறையில் பார்த்தால் ஒரு முனையிலிருந்து தனி ரத்தக் குழாய் உள்ளே நுழைந்து விளிம்பை வளைத்துச் செல்வது தெரியும். நிணநீர்க் கணுவுக்கு நடுவே கொழுப்புத் தண்டு இருக்கும்; ரத்தக் குழாயும் முனையில் அல்லாமல் அந்த நடுப்பகுதி வழியே நுழையும். இடப்புறத்தில் உணவுக்குழாய் எட்டிப் பார்ப்பதையும் கட்டி என்று எண்ணிவிடலாம். ஒரு வாய் நீர் விழுங்கச் சொன்னால் உள்ளே பளிச்சென்று ஏதோ நகர்வது தெரிந்து சந்தேகம் நீங்கும். இவருடைய இடப்புற உருண்டையில் வெண்கோடும் தெளிவாக இல்லை, முனைக் குழாயும் தெரியவில்லை. ஆகவே அறிக்கையில் ‘இருக்கலாம்’ என்றே இருந்தது, அதுவே சரியும்கூட. ஆனால் கைமாறிச் செல்லும்போது ‘இருக்கலாம்’ என்பது உதிர்ந்துபோய், ‘இடது கீழ்ச் சுரப்பி’ என்று அடுத்த பரிசோதனைக்கான விண்ணப்பத்தில் ஏறியிருந்தது.

அணு மருத்துவப் படம்

அடுத்து டெக்னீசியம்-99எம் செஸ்டமிபி என்ற மருந்தைச் செலுத்திப் படமெடுக்கப்பட்டது. இந்த மருந்து உயிரணுக்களின் மைட்டோகாண்ட்ரியாவில் தங்கும். பாராதைராய்டு கட்டியில் மைட்டோகாண்ட்ரியா செறிந்த உயிரணுக்கள் மிகுதியாக இருப்பதால் அங்கே மருந்து அதிக நேரம் நிற்கும். தைராய்டும் முதலில் அதை உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் விரைவில் வெளியேற்றிவிடும். அதனால்தான் இரண்டு கட்டமாகப் படம்: செலுத்திய 15 நிமிடத்தில் ஒன்று, ஏறத்தாழ 2 மணி நேரம் கழித்து இன்னொன்று. தைராய்டு மங்கிய பின்னும் ஒளிர்ந்து நிற்பதே நாம் தேடும் கட்டி என்பது இதன் அடிப்படை.

பரிசோதனைக்கு முன் அவர் கேட்ட ஒரே கேள்வி, “டாக்டர், இந்த ஊசி போட்டபிறகு பேரனைத் தூக்கலாமா?” என்பதுதான். “இன்னைக்கு ஒருநாள் மட்டும் ரொம்ப நேரம் மடியில வச்சுக்காதீங்க அம்மா, தண்ணி நிறைய குடிங்க,” என்று அணு மருத்துவப் பிரிவில் சொல்லப்பட்டது. டெக்னீசியத்தின் கதிரியக்கம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். சிறுநீரிலும் ஒரு பகுதி வெளியேறும். மறுநாளுக்குள் மிகச் சொற்பமே மீதமிருக்கும்.

தட்டையான படங்களில், தாமதக் கட்டத்தில், இரண்டு இடங்களில் மருந்து தங்கியிருந்தது. இடது மடலின் கீழ்ப்பாதியில் ஒன்று, தெளிவாக. வலப்புறம் தைராய்டின் கீழ் முனையை ஒட்டி இன்னொன்று, மங்கலாக. முதல் அல்ட்ராசவுண்ட் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் படத்தை மட்டும் பார்த்தால், இரண்டும் இடப்புறத்தில் ஒத்துப்போகின்றன என்ற முடிவுக்கு வருவது மிக எளிது. ஒளி கூடிய புள்ளிதான் கட்டி என்று கண்ணும் சொல்லும். ஆனால் தைராய்டு முடிச்சுகளும் செஸ்டமிபியைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது இந்தப் பரிசோதனையின் பழகிய குறை. பல முடிச்சுகள் உள்ள தைராய்டில் ஒளியின் அளவு மட்டும் எதையும் நிரூபிப்பதில்லை.

முதல் கட்டப் படத்துக்குப் பின் உடனே எடுத்திருந்த ஸ்பெக்ட்-சிடி இங்கே கைகொடுத்தது. இது கழுத்தைச் சுற்றி முப்பரிமாணமாக எடுத்த அணு மருத்துவப் படத்தையும், அதே படுக்கையில் எடுத்த குறைந்த கதிர்வீச்சுச் சிடி படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் காட்டும். சில கட்டிகள் மருந்தைத் தைராய்டைப் போலவே விரைவில் இழந்துவிடுவதால், அதைத் தாமதக் கட்டம்வரை ஒத்திவைக்காமல் முன்கூட்டியே எடுப்பது எங்கள் வழக்கம். பொருத்திய படத்தில் இடப்புற ஒளி தைராய்டுத் திசுவுக்கு நடுவிலேயே, முன்பு பார்த்த உருண்டைக்குள் நின்றது. வலப்புற ஒளியோ தைராய்டிலேயே இல்லை. அது தைராய்டுக்கு வெகு பின்னால், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலான பள்ளத்தில், முதுகெலும்பின் முன்தசையை ஒட்டி இருந்தது. சிடி படத்தில் அதே இடத்தில் தட்டையான, நீளவாட்டிலான மென்திசு ஒன்று தெரிந்தது. தட்டைப் படத்தில் அது மங்கித் தெரிந்ததற்குக் காரணமும் இப்போது விளங்கியது: கேமராவிலிருந்து அது அதிக ஆழத்தில் இருந்தது, மெலிந்தும் இருந்தது.

உயரத்தை மட்டும் பார்த்தால் அதை வலது கீழ்ச் சுரப்பி என்றே எழுதத் தோன்றும். ஆழத்தையும் சேர்த்துப் பார்த்தால் விடை மாறும். கீழ்ச் சுரப்பிகள் குரல் நரம்பு ஓடும் தளத்துக்கு முன்னே இருப்பவை. மேல் சுரப்பிகள் அதற்குப் பின்னே. இவ்வளவு பின்னால் இருப்பது, மேலிருந்து சரிந்து வந்த வலது மேல் சுரப்பியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது அல்ட்ராசவுண்ட்

ஸ்பெக்ட்-சிடி காட்டிய இடத்தை மட்டும் குறிவைத்து அவரை மீண்டும் அல்ட்ராசவுண்ட் செய்ய அழைத்தோம். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்து பார்ப்பதற்கும் முழுக் கழுத்தையும் துழாவுவதற்கும் உள்ள தூரம் பெரியது. தோள்களுக்குக் கீழே தலையணை வைத்துக் கழுத்தை நன்கு பின்னோக்கி வளைத்து, தலையை இடப்பக்கம் திருப்பச் சொன்னேன். வழக்கமாகக் கழுத்துக்குப் பயன்படுத்தும் உயர் அதிர்வெண் கருவி துல்லியமானது, ஆனால் ஆழத்தில் மங்கிவிடும். ஆகவே அதிர்வெண்ணைக் குறைத்து, கருவியைக் கழுத்தின் முன்பக்கத்திலிருந்து நகர்த்தி, கரோட்டிட் தமனியின் ஓரமாகப் பக்கவாட்டில் வைத்து, மூச்சுக்குழாயின் பின்புறத்தை நோக்கிச் சாய்த்தேன். மூச்சுக்குழாயில் காற்று இருப்பதால் முன்னிருந்து பார்க்கும்போது அதன் நிழல் பின்னாலிருப்பதை மறைத்துவிடும். பக்கத்திலிருந்து நுழைந்தால் அந்த நிழலைத் தவிர்க்கலாம். மெதுவாக அழுத்தியபடி, “எச்சில் முழுங்குங்கம்மா,” என்று கேட்டுக்கொண்டேன். விழுங்கும்போது ஆழத்திலிருப்பவை ஒரு கணம் மேலெழுந்து வரும்.

அந்த ஒரு கணத்தில் அது தெரிந்தது. 16 மில்லிமீட்டர் நீளம், 8 அகலம், 6 தடிமன். கருமையாக, சீராக, ஓரங்கள் தெளிவாக. தைராய்டுக்கும் அதற்கும் நடுவே வெண்கோடு இருந்தது. டாப்ளரில் அதன் மேல் முனையிலிருந்து ஒரு குழாய் உள்ளே இறங்கியது. மேலிருந்து சரிந்து வந்த சுரப்பி தன் ரத்தக் குழாயையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கும் என்பதோடு இது பொருந்தியது. இடப்புற உருண்டையையும் மறுபடி பார்த்தேன். விழுங்கும்போது அது தைராய்டோடு ஒன்றாகவே நகர்ந்தது. எல்லாப் பக்கமும் தைராய்டுத் திசு சூழ்ந்திருந்தது. ஐயத்துக்குரிய கோணலான விளிம்போ சுண்ணாம்புத் துகள்களோ இல்லை.

முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

பலதுறைக் கலந்தாய்வில் மூன்று கேள்விகள் எழுந்தன. முதலாவது, இன்னொரு படம் தேவையா என்பது. பல கட்டமாக எடுக்கும் மாறுபாட்டு மருந்துச் சிடியும், ஃப்ளூரோகோலின் கொண்டு எடுக்கும் பெட் படமும் இப்போது கிடைக்கின்றன. செஸ்டமிபியில் தெரியாத சிறு கட்டிகளைப் பெட் படம் காட்டிக்கொடுப்பதுண்டு. ஆனால் வெவ்வேறு இயற்பியல் அடிப்படையில் இயங்கும் இரண்டு பரிசோதனைகள் ஒரே இடத்தைக் காட்டிய பின், மூன்றாவது ஒன்றால் அறுவைத் திட்டம் மாறப்போவதில்லை. இரண்டாவது அல்ட்ராசவுண்டிலும் எதுவும் தெரியாமல் போயிருந்தால் பெட் படத்தையே கேட்டிருப்போம்.

இரண்டாவது கேள்வி, ஊசியால் குத்தித் திரவம் எடுத்து அதில் ஹார்மோனை அளக்கலாமா என்பது. முன்பு ஒருமுறை அறுவை செய்து பலன் கிடைக்காதவர்களுக்கு இது உதவலாம். முதல்முறை அறுவைக்குப் போகிறவருக்கு, ஊசியால் சுரப்பியைச் சுற்றி ஏற்படும் தழும்பு அறுவையைக் கடினமாக்கும். திசுவைப் பரிசோதிக்கும்போதும் குழப்பம் தரும். உயிரணுக்கள் ஊசித்தடத்தில் சிதறும் அபாயமும் கொஞ்சம் உண்டு. எனவே வேண்டாம் என்று தீர்மானித்தோம்.

மூன்றாவது கேள்வியே நீண்ட நேரம் எடுத்தது: ஒரு பக்கம் மட்டுமா, இரு பக்கமுமா? ஒரு கட்டி தெரிவதால் இரண்டாவது இல்லை என்று ஆகிவிடாது. இரட்டைக் கட்டிகள் சிறுபான்மையே என்றாலும் உண்டு. நான்கு சுரப்பிகளும் வீங்கும் நிலையில் படங்கள் பெரும்பாலும் பெரிய ஒன்றை மட்டுமே காட்டும். வலப்புறத்தில் மட்டும் தொடங்கி, அறுவையின்போதே ஹார்மோனை அளந்து, போதிய அளவு இறங்காவிட்டால் இடப்புறத்தையும் திறப்பது என்று முடிவானது. இதற்கான சம்மதமும் அவரிடம் முன்கூட்டியே பெறப்பட்டது. “ரெண்டு பக்கமும் வெட்டுவீங்களோன்னு பயந்துட்டேன்,” என்றார் அவர். அப்படியும் நேரலாம் என்பதை அறுவை மருத்துவர் மறைக்காமல் எடுத்துரைத்தார். குரல் நாண்கள் இரண்டும் இயல்பாக அசைகின்றனவா என்று முன்னதாகவே பார்க்கப்பட்டது.

அறிக்கையில் ‘வலது கீழ்’ என்று எழுதாமல், தைராய்டின் கீழ் முனை உயரத்தில், குரல் நரம்புத் தளத்துக்குப் பின்னே, உணவுக்குழாயின் வலப்பக்கத்தை ஒட்டி, பெரும்பாலும் சரிந்த மேல் சுரப்பி என்று எழுதினேன். நீளமான வாக்கியம்தான். ஆனால் கீழ்ச் சுரப்பி என்று நம்பி நரம்புக்கு முன்னே தேடத் தொடங்கும் அறுவை மருத்துவருக்கு, இயல்பான கீழ்ச் சுரப்பி மட்டுமே கையில் அகப்படும்.

அறுவையும் அதன் பின்னரும்

கட்டி சொன்ன இடத்திலேயே இருந்தது: குரல் நரம்புக்குப் பின்னே, உணவுக்குழாயை ஒட்டி, மேலிருந்து வரும் காம்பில் தொங்கியபடி. அதற்கு முன்புறத்தில் இயல்பான அளவில் வலது கீழ்ச் சுரப்பியும் காணப்பட்டது, அது தொடப்படவில்லை. எடுத்த கட்டியின் எடை 420 மில்லிகிராம். பாராதைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும் தன்மையுடையது; ஆகவே கட்டியை எடுத்து 10 நிமிடத்தில் அளந்தாலே பலன் தெரியும். கீறலுக்கு முன் 15.1 ஆக இருந்தது 3.9க்கு இறங்கியது. ஏறத்தாழ முக்கால் பங்கு குறைவு. பாதிக்கும் மேல் குறைய வேண்டும் என்பதே வழக்கமான வரையறை என்பதால் இடப்புறம் திறக்கப்படவில்லை.

மூன்றாம் நாள் கால்சியம் 2.15 வரை இறங்கியபோது உதட்டைச் சுற்றி மரத்துப்போவது போன்ற உணர்வு அவருக்கு இருந்தது. நெடுநாள் கால்சியத்தை இழந்த எலும்புகள் அதைத் திரும்ப உறிஞ்சும்போதும், அடங்கிக் கிடந்த மற்றச் சுரப்பிகள் விழித்தெழ நாளாகும்போதும் இது நேரும். வாய்வழிக் கால்சியமும் வைட்டமின் டியும் எடுத்துக்கொண்டதில் சரியானது. திசு ஆய்வு, உயிரணு செறிந்த பாராதைராய்டு திசு, கட்டிக்கு ஒத்தது என்றது. புற்றுநோய்க்கான அடையாளம் இல்லை. குரலில் மாற்றம் ஏதுமில்லை. ஆறு மாதம் கழித்துக் கால்சியம் 2.33, ஹார்மோன் 5.6. ஆறு மாதம் கால்சியம் இயல்பாக நின்றால்தான் குணமானதாகக் கொள்வது வழக்கம். மயக்கம் தெளிந்ததும் வரும் நல்ல எண்ணை அப்படிக் கொள்வதில்லை.

மலச்சிக்கலும் இரவில் எழுவதும் குறைந்தன என்று சொன்னார். அசதி கொஞ்சம் இருக்கிறது. அது முழுவதும் கால்சியத்தால் வந்தது என்று நாங்கள் முதலிலேயே வாக்குக் கொடுக்கவில்லை. சிறுநீரகக் கல் அப்படியே இருக்கிறது. இருக்கும் கல்லை அறுவை கரைக்காது.

மாற்றிக்கொண்டவை

இந்த நிகழ்வுக்குப் பின் எங்கள் பிரிவில் நடைமுறை சிறிது மாறியது. தைராய்டில் பல முடிச்சுகள் உள்ளவர்களுக்கு, அணு மருத்துவப் படம் முடிந்த பிறகு குறிவைத்த அல்ட்ராசவுண்ட் ஒன்றையும் சேர்த்தே நேரம் ஒதுக்குகிறோம். இரண்டையும் பார்ப்பவர் கூடுமானவரை ஒருவராகவே இருக்க முயல்கிறோம். ஆள்பற்றாக்குறை நாள்களில் இது எப்போதும் முடிவதில்லை. பரிசோதனை விண்ணப்பத்தில் முந்தைய அறிக்கையின் முடிவைச் சுருக்கி எழுதாமல் அப்படியே இணைக்கும்படி கேட்கிறோம், ‘இருக்கலாம்’ என்ற சொல் வழியில் தொலையாமலிருக்க. தட்டைப் படத்தை மட்டும் கொண்டு இடத்தை உறுதிசெய்து அறிக்கை கொடுப்பதில்லை. அறிக்கையில் பக்கமும் உயரமும் போலவே ஆழத்துக்கும் ஒரு வரி கட்டாயம்.

இந்த வழிமுறைக்கும் எல்லை உண்டு. வலப்புறக் கட்டி இன்னும் சிறியதாக இருந்திருந்தால், அல்லது உள்ளே நீர் நிறைந்த வகையாக இருந்திருந்தால், செஸ்டமிபி அதைக் காட்டாமல் போயிருக்கலாம். அப்போது தட்டைப் படத்தில் எஞ்சியிருப்பது இடப்புறத் தைராய்டு முடிச்சின் ஒளி மட்டுமே. மார்புக்கூட்டுக்குள் இருந்திருந்தால் அல்ட்ராசவுண்டால் எதையும் உறுதிப்படுத்தியிருக்க முடியாது. ஒலி எலும்பைத் தாண்டிச் செல்லாது.

அவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை கால்சியம் பார்க்கும்படி பலதுறை மருந்தகத்துக்கு எழுதப்பட்டுள்ளது. இடப்புறத் தைராய்டு முடிச்சுக்கு ஓராண்டு கழித்து ஓர் அல்ட்ராசவுண்டும், முன்கை எலும்பு எவ்வளவு மீண்டிருக்கிறது என்று பார்க்க இரண்டாண்டு முடிவில் ஓர் அடர்த்திப் பரிசோதனையும் திட்டமிடப்பட்டுள்ளன. தயசைடு மாத்திரை மீண்டும் தொடங்கப்படவில்லை; அறுவைக்குப் பின் எடுத்துவந்த கால்சியம் மாத்திரையை, மருத்துவர் குறித்த காலம் முடிந்ததும், அவரே நிறுத்திவிட்டார்.